கோடு போகும், விரிசல் போகாது

என் நாத்தனாருக்கு இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் ஊசி. தையல்காரி என்பதால் மட்டும் வைத்த பெயர் இல்லை. அவர் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் ஓரடி பின்னால் போவார். என் கணவரின் அக்கா என்பதால் நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை டைப்பு என்று கூப்பிடுகிறார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையில் ஊராருக்கு மனு, விண்ணப்பம், கடிதம் அடித்துக் கொடுப்பது என் வேலை. இருபத்தோரு வருடமாக உறவு. ஒருநாள்கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அண்ணியின் கோபத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பது வயதில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மேஸ்திரி ஒரு சட்டையை அவர் முகத்தில் விட்டெறிந்தான், காலர் கோணல் என்று. அண்ணி சட்டையை எடுத்துப் பார்த்தார். அது அவர் தைத்ததே இல்லை, பக்கத்து வரிசையில் தைத்தது. காட்டினார். மேஸ்திரி பார்த்தான், "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றான். "மன்னிப்புக் கேளுங்க" என்றார் அண்ணி. அவன் சிரித்தான். அண்ணி கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தவர்தான். பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அதை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தச் சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. கல்யாண வீட்டில்கூட யாராவது காலரைப் பற்றிப் பேசினால் போதும், கதை ஆரம்பமாகிவிடும்.

அப்போதிலிருந்து வீட்டு முன்னறைதான் அவருக்குக் கடை. இரண்டு தையல் மெஷின், ஜன்னலோரம் துணி வெட்டும் பலகை, சுவரில் ஆணியடித்து மாட்டிய நூல்கண்டுகள். பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரி மேலங்கி, ரவிக்கை, எல்லாம் தைப்பார். ஒன்று மட்டும் அவரிடம் இல்லை, ஓரம் அடிக்கும் மெஷின். துணியின் வெட்டிய ஓரம் பிரிந்து போகாமல் நூலால் பின்னி விடுமே, ஓவர்லாக், அதுதான். தைத்த துணியை மூட்டை கட்டிக்கொண்டு மூன்று தெரு தள்ளி ஓரக்காரர் கடைக்குத் தூக்கிப்போக வேண்டும். அங்கே கால் கடுக்க நிற்க வேண்டும். இருபது வருடமாக நின்றார்.

போன வருடம் ஓரக்காரர், "எனக்கு முதுகு போச்சும்மா, மக வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார். அன்றோடு மெஷினையும் மூடி வைத்துவிட்டார். அதன்பிறகு ஓரம் அடிக்க ஆளில்லை. ஓரம் இல்லாத சீருடையை எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்? அண்ணி சேர்த்து வைத்ததை எல்லாம் திரட்டி, கடைத்தெருவில் பெரிய மெஷின் ஷோரூம் ஒன்றில் புது ஓவர்லாக் வாங்கினார். முழுப்பணமும் கட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள் வேனில் பெட்டி வந்தது. பெட்டியின் ஒரு மூலை அமுங்கியிருந்தது. இறக்கியவன், "அட்டைப்பெட்டிதானேக்கா, உள்ள ஒண்ணும் ஆயிருக்காது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்துவிட்டான்.

உள்ளே ஆகியிருந்தது. மெஷினின் அடிப்பாகத்து இரும்பில், இடது மூலையில், விரல் நீளத்துக்கு விரிசல். கையால் சுற்றும் சக்கரம் தள்ளாடியது. ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தார். மெஷின் மேஜையோடு சேர்ந்து குலுங்கியது, தையல் விட்டுவிட்டு விழுந்தது.

அங்கேதான் அண்ணி அந்தக் காரியம் செய்தார். தையல்காரர்கள் துணியில் ஓட்டையோ கறையோ பார்த்தால் உடனே சாக்கட்டியால் கோடு போட்டு வைப்பார்கள், வெட்டும்போது கண்ணில் படவேண்டும் என்று. அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. விரிசல் மேல் நேராக ஒரு வெள்ளைக்கோடு. மெஷினைச் சாய்த்து அடிவயிற்றில் ஒரு பெருக்கல் குறி. பழுதுத் துணிக்கு அவர் போடும் குறி அது. அதற்குப் பிறகுதான் போனில் படம் எடுத்து ஷோரூமுக்கு அனுப்பினார்.

மெஷின் வெளிறிய மஞ்சள். சாக் வெள்ளை. படத்தில் தெரிந்தது கோடு மட்டும்தான்.

ஐந்தாம் நாள் ஷோரூம் வேன் வந்து மெஷினைத் திரும்ப எடுத்துப்போனது. ரசீது கொடுத்தார்கள். பில்லின் பின்பக்கத்தில், திரும்பப் பெற்ற பொருளுக்குப் பதினைந்து வேலை நாட்களில் பணம் தரப்படும் என்று அச்சடித்திருந்தது. பதினைந்து போய் முப்பது ஆனது. முப்பது போய் ஐம்பது ஆனது. போன் செய்தால், "ப்ராசஸ்ல இருக்கு மேடம்." மறுநாளும் செய்தால், "மேல சொல்லியிருக்கோம் மேடம்." அந்த "மேடம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆளை ஏமாற்றும்போது மரியாதை மட்டும் எங்கிருந்துதான் வருமோ இவர்களுக்கு.

ஐம்பத்திரண்டாம் நாள் அண்ணி போனில் வெடித்துவிட்டார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். அடுத்த வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள் என்று மட்டும் சொல்கிறேன். மறுநாள் ஷோரூமிலிருந்து செய்தி வந்தது. ஆய்வில் சேதம் உறுதியாகவில்லையாம், படத்தில் இருப்பது சாக்கட்டிக் கோடாம், வாடிக்கையாளர் தகாத வார்த்தை பேசியது பதிவாகியிருக்கிறதாம், விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம்.

இரண்டு நாள் கழித்து ஓரக்காரர் வந்தார். "என் மெஷினை ஒருத்தர் கேக்கறார்மா. உனக்குக் குடுக்கணும்னுதான் ஆசை. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல வண்டி ஏறிடுவேன்."

பழைய மெஷின்தான், ஆனால் கல்லுமாதிரி அசையாமல் ஓடும். அண்ணியிடம் பணம் இல்லை. பணம் ஷோரூமில் இருந்தது. அன்று திங்கட்கிழமை.

அண்ணி நேராக என் கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடி டைப்பு. கடுதாசி. நான் சொல்றேன், நீ அடி."

"சொல்லுங்க அண்ணி."

"திருட்டுப் பயலுகளே..."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "இதை அடிச்சா இதையும் பதிவு பண்ணி வச்சுப்பாங்க. நாளைக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போனா, உங்க கடுதாசியை வச்சே உங்களை மடக்குவாங்க."

"அப்ப என்னன்னு ஆரம்பிக்கணும்?"

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "மதிப்பு? அவனுக்கு? ஏன், மாலை ஒண்ணு வாங்கிட்டுப் போய் போட்டுட்டு வரவா?"

எனக்கும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தக் கடையில் ஆயிரம் கடிதம் அடித்துக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. திட்டி எழுதிய கடிதத்தைப் படிப்பவன் திட்டுக்குத்தான் பதில் எழுதுவான், விஷயத்துக்கு எழுதமாட்டான். தேதி, பில் எண், என்ன நடந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், தராவிட்டால் எங்கே போவோம், அவ்வளவுதான். அவன் நழுவ ஒரு இண்டு இடுக்குகூட இருக்கக்கூடாது.

பில்லையும் ரசீதையும் வாங்கி வரிசையாக அடித்தேன். படத்துக்கு வந்தபோது நின்றேன். "அண்ணி, அந்தக் கோட்டைப் பத்தி எழுதணும்."

"வேணாம்."

"அவங்க அதைத்தான் பிடிச்சுட்டுத் தொங்கறாங்க."

"வேணாம்னேன்." குரல் உயர்ந்தது, உடனே இறங்கியும் விட்டது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்பு என்னோடது டைப்பு. படம் எடுக்கற வரைக்குமாவது என் கை சும்மா இருந்திருக்கலாம். ஐம்பது நாளா அவனைத் திட்டறேன்ல, ராத்திரி படுத்தா என்னைத்தான் திட்டிக்கறேன்."

இருபத்தோரு வருடத்தில் அண்ணி வாயிலிருந்து தப்பு என்னுடையது என்று நான் கேட்டது அதுவே முதல் தடவை. ஆறுதல் சொன்னால் என்னையும் குத்துவார் என்று தெரியும். "அப்ப அதையே எழுதுவோம்" என்றேன். "ஒளிச்சாத்தான் அது தப்பு. சொல்லிட்டா அது அடையாளம்."

அதற்குப் பிறகு அண்ணி சொல்ல நான் அடித்தேன். பில் எண்ணையும் தேதிகளையும் விட்டுவிட்டால், கடிதம் இப்படி அமைந்தது:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடையில் நான் வாங்கிய ஓவர்லாக் மெஷின், அமுங்கிய பெட்டியில் எனக்கு வந்து சேர்ந்தது. அடிப்பாகத்தில் விரிசலும் சக்கரத்தில் தள்ளாட்டமும் இருந்தன. அன்றே தெரிவித்தேன். ஐந்தாம் நாள் தாங்கள் மெஷினைத் திரும்பப் பெற்ற ரசீது இத்துடன் உள்ளது. தங்கள் பில்லில் உள்ளபடி பதினைந்து வேலை நாட்களில் பணம் வந்திருக்க வேண்டும். மெஷினைத் தாங்கள் திரும்பப் பெற்று இன்றுடன் ஐம்பத்தைந்து நாட்கள் ஆகின்றன.

படத்தில் தெரியும் வெள்ளைக்கோடு நான் போட்டது. பழுது கண்ட இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுவது தையல்காரியின் பழக்கம். மெஷினின் அடிவயிற்றில் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன். மெஷின் தங்களிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கோடு போகும், விரிசல் போகாது.

தொலைபேசியில் நான் கடுமையாகப் பேசியது உண்மை. அதற்கு வருந்துகிறேன். ஆனால் என் பேச்சில் இருந்த குறை, தங்கள் மெஷினில் இருந்த குறையைச் சரிசெய்துவிடாது.

நான் கேட்பது மூன்று. ஒன்று, முழுப்பணம். இரண்டு, கொண்டுவந்து சேர்க்க என்னிடம் வாங்கிய வண்டிக்கூலி. மூன்று, எழுத்தில் ஒரு மன்னிப்பு. பதினைந்து நாட்களுக்குள் இவை வராவிட்டால் நுகர்வோர் மன்றத்தில் முறையிடுவேன் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மூன்றாவதை எடுத்துவிடலாம் என்றேன். "எந்தக் கம்பெனியும் எழுத்துல மன்னிப்புக் கேக்காது அண்ணி. பணம் வந்தாப் போதும்."

"வருந்தறேன்னு நான் எழுதிட்டேன்ல? அவன் எழுதினா கை அழுகிடுமா? அடி."

அடித்தேன். மூன்று பிரதி. ஒன்றை ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்து, படித்து, பதில் வருவதற்குள் சனிக்கிழமை தாண்டிவிடும். அதனால் இன்னொன்றை நேரில் கொடுத்து, மூன்றாவதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வருவது என்று முடிவானது. புதன்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். அண்ணியைத் தனியே அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக வேலை பார்க்க முடியுமா என்ன?

ஷோரூமில் கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, வரிசையாக மெஷின்கள். வரவேற்பில் இருந்த பெண், "கடுதாசி எல்லாம் இங்க வாங்கறதில்ல மேடம், மெயில்தான்" என்றாள். "கடையில வாங்கினது, கடையிலதான் குடுப்பேன்மா" என்றார் அண்ணி. மேலாளர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடி அறைக்குள் அவர் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

சும்மா உட்காருவது அண்ணிக்கு ஆகாத காரியம். எழுந்து மெஷின் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசையில் ஒரு விற்பனையாளர், ஒரு தாயிடமும் மகளிடமும் ஓவர்லாக் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்த மாடல்ல கடைசி பீஸ்மா. புத்தம் புதுசு. இந்த வாரம் மட்டும் தள்ளுபடி." மெஷினின் இடது மூலையில் சிவப்பாக, வட்டமாக, தள்ளுபடி என்று பெரிய ஸ்டிக்கர்.

அண்ணி நின்றார். சக்கரத்தில் விரல் வைத்து மெதுவாகச் சுற்றினார். அது தள்ளாடியது. பிறகு பையிலிருந்து பில்லை எடுத்து, அதில் இருந்த மெஷின் எண்ணை, மெஷினின் முதுகில் இருந்த தகட்டு எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன். இனி கடை தாங்காது என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன்.

கையை விடுவித்துக்கொண்டு, அண்ணி மெஷினை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அடிவயிற்றில் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. மேலே இருந்த கோட்டைத் துடைத்தவர்கள் கீழே பார்க்கவில்லை. சேதம் இல்லை என்று எழுதிவிட்டால் புதிதென்று விற்கலாம் அல்லவா, அதுதான் அவர்களுடைய ஆய்வு. என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அண்ணி மெஷினைச் சாய்த்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும்மா நீங்க? மெஷினைத் தொடாதீங்க" என்றார் விற்பனையாளர்.

அண்ணி கடிதத்தைப் பிரித்தார். உரக்க, அவசரமில்லாமல், கடை முழுக்கக் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்." மாலை வாங்கிப் போடவா என்று அண்ணி கேலி செய்த அதே சொல். இப்போது அந்தக் குரலில் அதைக் கேட்ட கடை ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பில் எண் வந்தது, தேதிகள் வந்தன. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். கண்ணாடி அறைக் கதவு திறந்தது. "தயவுசெய்து ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்" என்று படித்த அண்ணி, நிறுத்தி, சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நிமிண்டி ஒரே இழுப்பாக உரித்தார். விரிசல் பல்லிளித்தது.

"கோடு போகும், விரிசல் போகாது" என்று படித்துவிட்டு, தாயோடு வந்திருந்த பெண்ணைப் பார்த்தார். "நீ தைக்கறவளாம்மா?"

"ஆமாக்கா. இப்பதான் சொந்தமா ஆரம்பிக்கறேன்."

"சக்கரத்தைச் சுத்திப் பாரு."

அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள். அவள் அம்மா விற்பனையாளரை முறைத்துக்கொண்டே கைப்பையை இறுக்கி மூடினாள்.

மேலாளர் ஓடி வந்தார். "மேடம், மேடம், உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்." உள்ளே போனோம். மின்விசிறி ஓடியது, தண்ணீர் வந்தது, மரியாதை மூட்டை மூட்டையாக வந்தது. ஸ்டாக்கில் கலந்துவிட்டதாம், கிடங்கில் புது ஆட்களாம். பணத்தை நாளைக்கே வங்கியில் போட்டுவிடுவதாகச் சொல்லி ஒரு தாளை நகர்த்தினார். முழுத் திருப்தி, இனி எந்தப் புகாரும் இல்லை, கடையைப் பற்றி வெளியில் எதுவும் பேசமாட்டேன் என்று அதில் இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க மேடம். உடனே பணம் போடச் சொல்லிடறேன்."

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். ஓரக்காரர் வண்டி ஏறிவிடுவார். கோபத்தில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்த மனுஷி, இந்தத் தடவையும் பாதியில் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். போட்டுத் தொலையுங்கள் அண்ணி என்று வாய்வரை வந்துவிட்டது.

அண்ணி எழுந்திருக்கவில்லை. தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு அதைத் திருப்பி நகர்த்திவிட்டு, அதன்மேல் எங்கள் மூன்றாவது பிரதியை வைத்தார். "தைக்காத துணிக்கு நான் கூலி வாங்கறதில்ல சார். வராத பணத்துக்குக் கையெழுத்தும் போடறதில்ல. பணம் வந்தா, வந்துச்சுன்னு எழுதித் தரேன். வெளியில பேசறதும் பேசாததும் என் வாயி. நீங்க இதுல போடுங்க, பெற்றுக்கொண்டேன்னு. தேதியும் முத்திரையும் வேணும்."

"மேடம், அப்படிப் பண்ணா கொஞ்சம் லேட் ஆகும்..."

"ஆகட்டும். தபால்லயும் ஒண்ணு வருது. இங்க நடந்ததைக் கண்ணால பாத்தவங்க வெளிய நிக்கறாங்க. மன்றத்துல கேட்டா வந்து சொல்லுவாங்க." இவ்வளவும் குரல் உயர்த்தாமல் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். கண்ணாடிக்கு வெளியே அந்தத் தாயும் மகளும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மேலாளர் அவர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முத்திரையை எடுத்தார்.

வியாழன் போனது. ஒன்றும் வரவில்லை. அண்ணி எனக்குப் பத்துத் தடவை போன் செய்து, "கையெழுத்து போட்டிருக்கணுமோ" என்று கேட்டார். பத்துத் தடவையும் நானே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. "சும்மா இருங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். வெள்ளி மத்தியானம் பணம் வந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. வண்டிக்கூலியும் சேர்ந்து வந்திருந்தது. வந்ததாக ஒரு வரி எழுதி அனுப்பினோம். அன்று சாயங்காலமே ஓரக்காரர் தன் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கூடவே நடந்து வந்து இறக்கிக்கொடுத்தார். ஜன்னலோரம் வைத்து எண்ணெய் விட்டு ஓட்டினோம். சீருடை ஓரம் நூல் பிசகாமல் வந்தது. இருபது வருடம் நின்று வாங்கியதை அண்ணி முதல்தடவையாக உட்கார்ந்து அடித்தார். எனக்குக் கண் கலங்கியது. அவர் கவனிக்காத மாதிரி நூல் மாற்றிக்கொண்டிருந்தார்.

கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கடிதத்துக்குப் பதினாறாம் நாள் காலை, நான் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைக்கூடப் போடவில்லை, அண்ணி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முத்திரை வைத்த பிரதியை மேஜையில் விரித்தார். ஒன்றுக்கு நேராகச் சாக்கட்டியால் கோடு. இரண்டுக்கு நேராக ஒரு கோடு. மூன்றாவதன் மேல் பெருக்கல் குறி.

"பணம் வந்துடுச்சு, வண்டிக்கூலி வந்துடுச்சு" என்றார். "மூணாவது எங்க?"

"அண்ணி, அதுக்காக மறுபடியுமா..."

"அன்னிக்குச் சட்டையைத் தூக்கி எறிஞ்சவனும் சம்பளம் குடுத்தான் டைப்பு. பாதி மாசம். வாங்கிட்டு வந்துட்டேன்." அவர் குரலில் அப்போது ஊசி இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். "இந்தத் தடவை விடமாட்டேன். அடி."

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். பிறகு, அவர் சொல்வதற்குக் காத்திருக்காமல், நானே அடிக்க ஆரம்பித்தேன்: மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு.